வேக்குவம் பைக்குள் கெடுவது தூவி அல்ல

ஏப்ரல் முடிந்து மே பிறக்கும்போது டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் உள்ள அடுக்குமாடி வீடுகளில் ஒரே வேலை நடக்கிறது. பனி போய்விட்டது. நாலு பேர் உள்ள குடும்பம் என்றால் எட்டுப் பத்து கனத்த ஜாக்கெட்டுகள், பிள்ளைகளின் பனி உடுப்புகள், கம்பளிக் கோட்டுகள், ஸ்வெட்டர்கள் எல்லாவற்றையும் அக்டோபர் வரை எங்கேயாவது அடக்கி வைக்க வேண்டும். அலமாரியில் இடமில்லை. அதனால் வேக்குவம் பை. உடுப்பை உள்ளே திணித்து, வாய்ப்பட்டையை அழுத்தி மூடி, வால்வில் வேக்குவம் கிளீனரின் குழாயை வைத்தால், மலை போல இருந்தது ஒரு நிமிடத்தில் பலகை போலாகி, கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: “டவுன் ஜாக்கெட்டை மட்டும் பைக்குள்ள போட்டிடாதேங்கோ, பழுதாப் போயிடும். மற்றதெல்லாம் பாலியெஸ்டர்தானே, அதுக்கு ஒண்டும் வராது.” அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து குளிர் ஜாக்கெட்டுகளைப் பரணில் ஏற்றும் சென்னைக் குடும்பங்களிலும் இதே பேச்சு உண்டு. வாத்தின் மென்தூவி அடைத்தது விலை அதிகம், தொட்டால் மெத்தென்று இருக்கிறது, ஆகவே அது பூஞ்சை. பாலியெஸ்டர் மலிவு, பிளாஸ்டிக், ஆகவே அது எதையும் தாங்கும் என்பது இதன் அடியில் உள்ள நினைப்பு.

இந்த அறிவுரை கிட்டத்தட்ட தலைகீழானது. மாதக்கணக்கில் நசுக்கி வைத்தால் அடைப்பை மீட்க முடியாதபடி இழப்பது பாலியெஸ்டர் ஜாக்கெட்டுதான். சுத்தமாகவும் உலர்ந்தும் உள்ளே போன தூவி, பெரும்பாலும் மீண்டு விடுகிறது. கம்பளிக்கு அழுத்தத்தைவிடப் பெரிய பகை வேறொன்று உண்டு. அதைப் பை வெளியேற்றுவதில்லை, உள்ளேயே வைத்துப் பூட்டுகிறது.

முதலில் அந்த அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். வேக்குவம் கிளீனர் உடுப்பை உள்ளிருந்து இழுப்பதில்லை. அது உள்ளே இருக்கும் காற்றைக் குறைக்கிறது. வெளியில் இருக்கும் காற்றுதான் பையின் மேல் ஏறி உட்கார்ந்து நசுக்குகிறது. வீட்டில் உள்ள ஒரு நல்ல கிளீனர், வாயை அடைத்துப் பிடித்தால், வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 20 கிலோபாஸ்கல் குறைவான அழுத்தத்தை உண்டாக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம் என்று கேட்டால் சின்னதாகத்தான் படும். 80 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பைக்குக் கணக்குப் போட்டால் ஒரு டன்னை நெருங்குகிறது. பையில் மெல்லக் காற்று புகுந்து இந்தச் சுமை வாரக்கணக்கில் குறைந்துகொண்டு போகும் என்பது உண்மை. நல்ல பை என்று மெச்சப்படுவது காற்று புகாத பை; அதாவது அடைப்பை மிக நீண்ட நாள் நசுக்கி வைத்திருக்கும் பை.

இனி தூவி. பலரும் நினைப்பதுபோல அது குட்டி இறகு அல்ல. இறகுக்கு நடுவே ஒரு தண்டு உண்டு. தூவிக்கு அது கிடையாது. ஒரு சிறு புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் நூலிழைகள் கிளம்புகின்றன, ஒவ்வோர் இழையிலும் இன்னும் நுண்ணிய கிளையிழைகள், அவற்றில் கணுக்கள். இந்த இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதால் நடுவே காற்று அசையாமல் தங்குகிறது. உடம்புச் சூட்டைக் காப்பது அந்தக் காற்று. தூவியின் தரத்தைச் சொல்லும் எண்ணும் இதைத்தான் அளக்கிறது. ஜாக்கெட்டின் சீட்டில் 800 என்று போட்டிருந்தால், அதில் உள்ள தூவி ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் சொச்சம், 800 கன அங்குலம் விரிகிறது என்று பொருள். லிட்டரில் சொன்னால் 13.

இந்த எண்ணை ஆய்வகத்தில் எப்படி எடுக்கிறார்கள் என்பதில்தான் வேக்குவம் பை வழக்குக்கான முக்கியமான சாட்சி இருக்கிறது. தூவி பண்ணையிலிருந்து பஞ்சுபோலப் பறந்து வருவதில்லை. மூட்டையாக இறுக்கிக் கட்டித்தான் கண்டம் தாண்டிக் கப்பலில் போகிறது. விரித்தபடி அனுப்பினால் கப்பல் முழுக்கக் காற்றைத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். அப்படி நசுங்கி வந்த தூவியை அப்படியே அளந்தால் எண் தாழ்வாக வரும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதனால் சர்வதேச அளவில் இன்று புழங்கும் சோதனை முறையில், மாதிரியை எடுத்து முதலில் நீராவி காட்டுகிறார்கள். பிறகு உலர்த்தி, ஆறவிட்டு, கண்ணாடி உருளையில் இட்டு, மேலே ஒரு மெல்லிய தட்டை இறக்கி, எத்தனை உயரம் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். நசுங்கிய தூவியில் ஈரமும் சூடும் பட்டால் பழைய உயரத்துக்கு வரும் என்பது இந்தச் சோதனை முறையின் அடிப்படையே. கடைக்குப் போகும் முன்பே மூட்டையில் கிடந்து எழுந்த பொருளை, ஒரு கோடை நசுக்கினால் செத்துவிடும் என்று பயப்படுவதில் பொருளில்லை.

காரணம் தூவி என்ன பொருளால் ஆனது என்பதில் இருக்கிறது. அது கெரட்டின், நம் தலைமுடியும் ஆட்டுக் கம்பளியும் அதே குடும்பம். தூங்கி எழுந்தபோது ஒரு பக்கம் படிந்து கிடக்கும் முடி, தண்ணீர் பட்டதும் நிமிர்ந்துவிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கெரட்டின் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள், அழுத்தி வைத்தால் அழுத்திய வடிவத்திலேயே புதிதாக அமைந்துகொள்கின்றன. ஈரமும் இளஞ்சூடும் பட்டால் அவை அவிழ்ந்து, அடிப்படை வடிவம் மேலே வந்துவிடுகிறது. அந்த அடிப்படை வடிவத்தைத் தாங்குவது வேறு, இன்னும் வலுவான கந்தகப் பிணைப்புகள். வேக்குவம் கிளீனரின் அழுத்தம் அவற்றைத் தொடுவதில்லை.

இதனால் தூவிக்கு ஒரு கெடுதலும் இல்லை என்றாகாது. மலிவான ஜாக்கெட்டுகளில் தூவியோடு இறகும் கலந்திருக்கும். 80க்கு 20, 70க்கு 30 என்று சீட்டிலேயே போட்டிருப்பார்கள். அந்த இறகின் தண்டு கடினமானது. நசுக்கும்போது அது முறியும், இல்லையென்றால் மெல்லிய நைலான் துணியைக் குத்திக்கொண்டு வெளியே தலைகாட்டும். ஜிப்பின் பற்கள் மடிப்பின் அடியில் அகப்பட்டால் துணியில் தேய்ந்த தழும்பு விழும். எல்லாவற்றையும்விட மோசம், கழுத்திலும் கைமடிப்பிலும் வியர்வை எண்ணெய் ஊறிய ஜாக்கெட்டைத் துவைக்காமல் உள்ளே அடைப்பது. எண்ணெய் பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்ட இழைகள் நீராவிக்கும் எளிதில் பிரிவதில்லை. அக்டோபரில் அந்த ஜாக்கெட் சப்பையாக வெளியே வந்தால் பழி பைக்குப் போகிறது. குற்றம் அழுக்கின் பேரில்.

பாலியெஸ்டர் பஞ்சின் கதை வேறு. அதன் இழைக்குப் பறவையின் உடம்பு தந்த வடிவம் எதுவும் இல்லை. நேராக இழுத்த பிளாஸ்டிக் நூலை ஆலையில் நெளித்து, சூடேற்றி, அந்த நெளிவில் நிற்க வைக்கிறார்கள். சில வகைகளில் இழை உள்ளே குழலாக இருக்கும். பல வகைகளில் வழுக்குவதற்காக மேலே சிலிகான் பூச்சு இருக்கும். ஜாக்கெட்டுக்குள் விரிப்பாக நிற்க வேண்டும் என்பதற்காக, எளிதில் உருகும் இழைகளைக் கலந்து, இழையும் இழையும் சந்திக்கும் இடங்களில் ஒட்ட வைப்பதும் உண்டு. அந்தப் பஞ்சின் உப்பல் முழுக்க இந்த நெளிவிலும் இந்த ஒட்டிலும் நிற்கிறது.

மாதக்கணக்கில் நசுக்கினால் இரண்டும் போகின்றன. நெளிவு மெல்ல மெல்ல நிமிர்ந்து, நசுங்கிய நிலையையே தன் நிலையாக ஏற்றுக்கொள்கிறது. நிலையான சுமையின் கீழ் பிளாஸ்டிக் இப்படி இளகிக் கொடுப்பது பொறியியல் மாணவர்களுக்குப் பாடம். ஒட்டிய புள்ளிகளில் சில விட்டுப்போகின்றன. கெரட்டினைத் தண்ணீர் அவிழ்த்ததுபோல இங்கே அவிழ்க்க ஒன்றும் இல்லை, ஏனென்றால் பாலியெஸ்டர் தண்ணீரைக் குடிப்பதே இல்லை. சாதாரண அறைக்காற்றில் அதன் எடையில் 0.4 சதவீதம்தான் ஈரம் ஏறும். உலர்த்தியின் மிதமான சூட்டில் சுழற்றினால் ஓரளவு எழும். முழுதாக எழ வேண்டுமென்றால் ஆலையில் கொடுத்த அளவுச் சூட்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்தால் மேல்துணி பொசுங்கிவிடும், பஞ்சு கட்டியாகிவிடும்.

“என் பாலியெஸ்டர் சட்டையை எவ்வளவு கசக்கினாலும் மடிப்பு விழுவதில்லையே” என்று கேட்பவர்கள் உண்டு. சட்டைத் துணி நெருக்கமாக நெய்யப்பட்டது. 180 டிகிரி செல்சியஸ் அளவில் சூடேற்றி, தட்டையாக இருக்கும்படி நிலைப்படுத்தப்பட்டது. தட்டையாக இருப்பது அதன் வேலை. ஜாக்கெட்டுக்குள் உள்ள பஞ்சின் வேலை தட்டையாகாமல் இருப்பது. இழை அறுந்துபோகாத உறுதி வேறு, வளைந்தது நிமிரும் துடிப்பு வேறு. பாலியெஸ்டருக்கு முதலாவது நிறைய உண்டு, இரண்டாவது தேயும்.

இதன் விளைவு மிகத் தெளிவாகத் தெரிவது பிள்ளைகளின் பனி உடுப்பில். அவை ஏறத்தாழ எல்லாமே பாலியெஸ்டர் அடைத்தவை. மூத்த பிள்ளைக்கு வாங்கியது ஒரு குளிர்காலத்தில் சின்னதாகிவிடும். தம்பிக்கோ தங்கைக்கோ ஆகும் என்று எடுத்து வைப்பார்கள். மூன்று வயது இடைவெளி என்றால், அந்த உடுப்பு ஒரு கோடை அல்ல, முழுதாகச் சில வருடங்கள் பைக்குள் பலகையாகக் கிடக்கும். எடுத்துப் பார்க்கும்போது நிறம் மங்கவில்லை, ஜிப் ஓடுகிறது, கிழிசல் இல்லை. இளையது அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட முற்றத்தில் பத்து நிமிடம் நின்றதும் குளிருது என்கிறது. பிள்ளை சிணுங்குகிறது என்று இன்னொரு ஸ்வெட்டரை உள்ளே மாட்டிவிடுகிறார்கள். முழங்காலிலும் தோளிலும் விரல்களால் கிள்ளிப் பார்த்தால் விஷயம் புரியும்: இரண்டு துணிக்கு நடுவே விரல் நுனி அமிழ வேண்டிய இடத்தில் காகித அட்டை போல ஒன்று அகப்படும். அணிந்து தேய்ந்ததால் வந்த மெலிவும் அதில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு குளிர்காலம் அணிந்த உடுப்பு அட்டையாவதற்கு, அதற்குப் பிறகு கிடந்த கிடப்புதான் பெரும் காரணம்.

தூவிக்காக வாதாடும்போது ஒரு நேர்மையான எதிர்க்கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. மலையேறுகிறவர்களுக்கான தூக்கப்பை விற்கும் நிறுவனங்கள், தூவிப் பையை வீட்டில் நசுக்கி வைக்காதீர்கள், பெரிய பருத்திச் சாக்கில் தளர வையுங்கள் என்று சொல்கின்றனவே? சொல்கின்றன, சரியாகவும் சொல்கின்றன. அவர்கள் விற்பது பூஜ்யத்துக்குக் கீழே இரவெல்லாம் ஓர் உயிரைக் காக்க வேண்டிய பொருள். அதில் ஒரு சிறு இழப்பும் கணக்கு. ஆனால் செயற்கைப் பஞ்சு அடைத்த தூக்கப்பைகளுக்கும் அதே அறிவுரையைத்தான் அவர்கள் தருகிறார்கள். முதல் பாதி மட்டும் ஊர் முழுக்கப் பரவியது, ஏனென்றால் விலை அதிகமான பொருளைப் பற்றிய எச்சரிக்கைக்குத்தான் காது இருக்கிறது. மலையில் இரண்டு பைகளையும் தினமும் காலையில் சின்ன உறைக்குள் திணித்து, மாலையில் உதறி விரிக்கிறார்கள். வருடக்கணக்கில் அப்படிப் பயன்படுத்தியவர்களின் அனுபவத்தில் முதலில் மெலிவது செயற்கைப் பஞ்சுதான். நன்றாகப் பராமரித்த தூவிப் பை பத்து இருபது வருடம் உழைக்கிறது.

செயற்கைப் பஞ்சுக்கு ஒரு பெரிய சிறப்பு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான ப்ரைமாலாஃப்ட் போன்ற பஞ்சு வகைகள், நனைந்தாலும் சூட்டைக் காக்க வேண்டும் என்பதற்காகவே வந்தவை. மழையில் நனைந்த தூவி துவண்டுவிடும், அவை துவளாது. ஈரத்தைத் தாங்குவதற்காகப் பிறந்த பொருளை, நசுக்கலையும் தாங்கும் என்று நாமாகவே நீட்டிக்கொண்டதுதான் பிழை.

ஈரம் என்றதும் கம்பளிக்கு வர வேண்டும். பையை விற்பவர்களும் வாங்குபவர்களும் ஒரு வாக்கியத்தை அலுக்காமல் சொல்கிறார்கள்: காற்றை உறிஞ்சினால் ஈரமும் போய்விடும், பூஞ்சணம் வராது. இது கணக்குக்கு நிற்காது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று, முழுக்க ஈரமாக இருந்தாலும், ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஒரு பையில் உள்ள காற்று அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. ஆறு கிராமுக்கும் குறைவு. கம்பளியோ, காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது தன் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் தண்ணீரை உள்ளே வைத்திருக்கும், கைக்கு உலர்ந்ததாகவே படும். ஒரு கிலோ ஸ்வெட்டர்களில் 150 கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், கிளீனர் எடுத்துக்கொண்டு போவது அதன் ஓரத்தைத்தான். மீதி முழுக்க உள்ளே பூட்டப்படுகிறது. நவம்பர் மழைக்காலத்துச் சென்னையில் மூடிய பை என்றால் அந்தத் தண்ணீர் இன்னும் கூடுதல்.

சூடும் ஈரமும் சேர்ந்த கம்பளியை அழுத்தினால் என்ன ஆகும் என்பது இஸ்திரி போடுகிறவருக்குத் தெரியும்: மடிப்பு நிற்கும். வேக்குவம் பை ஒரு மெதுவான இஸ்திரி. பின்னிய ஸ்வெட்டருக்கு இது பெரிய சேதமில்லை. குளியலறையில் வெந்நீர் ஓடும்போது தொங்கவிட்டால், தூவிக்குச் சொன்ன அதே கெரட்டின் கணக்கில், பெரும்பாலான மடிப்பு போய்விடும். தைத்த கம்பளிக் கோட்டு அப்படியல்ல. அதன் மார்புப் பகுதிக்குள் விறைப்புத் துணி உண்டு, தோளில் திண்டு உண்டு, காலர் உருண்டு விழும்படி தையற்காரர் அமைத்த வளைவு உண்டு. அந்த வளைவின் மேல் இந்தப் பாரம் உட்கார்ந்தால், கம்பளி மீண்டாலும் உள்ளே ஒட்டிய விறைப்புத் துணி மீளாது. மார்பில் கொப்புளம் போல எழும்பி நிற்கும். இத்தனைக்கும் கோட்டை நசுக்கி மிச்சப்படும் இடம் அற்பம், ஏனென்றால் அதில் காற்று குறைவு. எந்த உடுப்பு வேக்குவம் பைக்குள் போகவே கூடாது என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், அது இந்தக் கோட்டு.

கம்பளி அரிக்கும் அந்துப்பூச்சிக்குப் பை நல்ல வேலிதான். வெளியிலிருந்து தாய்ப்பூச்சி புக முடியாது. ஆனால் ஏற்கெனவே முட்டை இருந்தால், வீட்டுக் கிளீனரால் அதைக் கொல்ல முடியாது. காற்றின் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது அவ்வளவுதான், மீதி ஆக்சிஜன் அங்கேயே இருக்கிறது. அருங்காட்சியகங்கள் துணிகளைக் காப்பாற்ற −18 டிகிரியில் இரண்டு வாரம் உறைய வைக்கின்றன; வீட்டின் நல்ல ஃப்ரீசரிலும் ஒரு ஸ்வெட்டருக்கு அதைச் செய்யலாம்.

எங்கே வைக்கிறோம் என்பதும் சேர்ந்தே வருகிறது. டொராண்டோவில் நிலவறைச் சேமிப்புக் கூண்டு கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே பாலியெஸ்டர் மெலிவது மெதுவாக நடக்கும். சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரண் மே மாதத்தில் கொதிக்கும். சூடு ஏற ஏறப் பிளாஸ்டிக் இழை வேகமாக இளகிக் கொடுக்கும். ஒரே ஜாக்கெட், ஒரே பை, ஒரே ஆறு மாதம். பரணில் கிடந்தது கூடுதலாக மெலிந்து வரும்.

இதையெல்லாம் யாரையும் நம்பாமல் வீட்டிலேயே சோதிக்க ஓர் அடிக்கோல் போதும். மூடும் முன், துவைத்து உலர்ந்த ஜாக்கெட்டை முதுகுப்புறம் கீழே இருக்கும்படி மேசையில் கிடத்தி, கைகளை மார்பின் மேல் மடித்து, நடுவில் ஒரு மெல்லிய அட்டையை வைத்து உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அக்டோபரில் திறந்த உடனே அளக்கக் கூடாது. உதறி, இரண்டு நாள் தொங்கவிட்டு, பிறகு அதே மடிப்பில் அளக்க வேண்டும். தூவி ஜாக்கெட் அப்போதும் தாழ்ந்திருந்தால், உலர்த்தியில் குறைந்த சூட்டில், சுத்தமான இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு, லேசாக நீர் தெளித்துச் சுழற்றலாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, கட்டியாக நிற்கும் இடங்களை விரலால் பிரித்துவிட வேண்டும். கட்டி எங்கே என்று தெரியாவிட்டால் விளக்குக்கு எதிரே பிடித்தால் போதும், திட்டுத் திட்டாகத் தெரியும். உள்ளே ஈரம் முழுக்கப் போகும் வரை ஓட வேண்டும். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பாலியெஸ்டர் ஜாக்கெட்டையும் இதேபோல ஒருமுறை சுழற்றலாம், நீர் தெளிக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் திரும்பாத உயரம் இனி திரும்பாது. அந்த வித்தியாசத்தை அடிக்கோலில் பார்க்கும் எவரும் அடுத்த வருடம் எதைப் பையில் போடுவது என்று இன்னொருவரைக் கேட்க மாட்டார்.

இடப் பிரச்சினை மெய்யானது. இரண்டு அறை வீட்டில் நான்கு பேரின் குளிர்கால உடுப்பைத் தளரத் தொங்கவிடு என்று சொல்வது உதவாத பேச்சு. ஆகவே இருக்கும் இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. தொங்கவிடும் கம்பியில் முதல் உரிமை கம்பளிக் கோட்டுக்கு. அடுத்து, பாலியெஸ்டர் அடைத்த ஜாக்கெட்டுகளும் பிள்ளைகளின் பனி உடுப்புகளும். அவற்றைப் பெரிய பருத்தி உறைகளில், பழைய தலையணை உறையிலோ படுக்கை விரிப்பில் தைத்த பையிலோ, இறுக்காமல் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வைக்கலாம். வேக்குவம் பை தவிர வழியே இல்லை என்றால் அது தூவிக்கும் பின்னிய கம்பளிக்கும் போகட்டும். துவைத்து, முழுக்க உலர்த்தி, வறண்ட நாளாகப் பார்த்து மூடி, கிளீனரைப் பலகையாகும் வரை ஓட்டாமல் உப்பல் பாதியானதும் நிறுத்திவிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் இறகுத் தண்டு முறிவதும் ஜிப் தழும்பும் பெரிதும் தவிரும், பாதி இடமும் மிச்சமாகும்.

பயணத்துக்கு இந்த விதி எதுவும் வேண்டாம். சென்னையிலிருந்து டொராண்டோவுக்குப் போகும் இரண்டு நாளுக்கு எதை வேண்டுமானாலும் நசுக்கலாம், பாலியெஸ்டர் உட்பட. இறங்கிய அன்றே திறந்து தொங்கவிட்டால் போதும்.